ஹார்ட் டிஸ்க்கை எஸ்.எஸ்.டி-க்கு குளோன் பண்ணினேன். ரெண்டும் மாட்டியிருந்தா ஓடுது, பழசைக் கழற்றினா பூட் ஆகல. என்ன தப்பு?

நீங்கள் C டிரைவை மட்டும் டிக் செய்து நகல் எடுத்திருப்பீர்கள். பந்தயம் கட்டிச் சொல்வேன், ஏனென்றால் அதே காரியத்தை நானும் செய்து, சித்தப்பா முன்னால் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன்.

சித்தப்பாவுக்கு லிட்டில் இந்தியாவில் தையல் கடை. வாடிக்கையாளர்களின் அளவுகள் எல்லாம் ஒரு பழைய மென்பொருளில் இருக்கின்றன. அதைச் செய்து கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, நிறுவும் சிடி-யும் இல்லை. "புதுசா விண்டோஸ் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, குளோன் எதற்கு" என்று கீழே கருத்து எழுத வருகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு வரவும். கம்ப்யூட்டர் எழுந்திருக்க மூன்று நிமிடம் ஆனது. ஒரு கடையில் கேட்டதற்கு 150 வெள்ளி சொன்னார்கள், டிஸ்க் விலை இல்லாமல். கணினித் துறையில் வேலை செய்கிற அண்ணன் மகன் எதற்கு இருக்கிறான் என்று சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். (நான் பார்ப்பது டேட்டாபேஸ் வேலை. சொந்தக்காரர்களுக்கு எல்லாம் ஒன்றுதான், போன மாதம் ஒரு அத்தை ரைஸ் குக்கரைக் கொண்டுவந்தார்.)

500 ஜிபி எஸ்.எஸ்.டி ஆர்டர் செய்தேன். பார்சல்காரர் அதைச் செருப்பு அலமாரி மேல் மழைச்சாரலில் வைத்துவிட்டு "வீட்டில் உள்ளவரிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று பதிவு செய்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் புளோக்கில் இது வாராவாரம் நடக்கிறது, புகார் கொடுத்தால் படம் அனுப்பச் சொல்கிறார்கள், எதைப் படம் எடுப்பது? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குளோன் மென்பொருளில் பழைய டிஸ்க் நான்கு துண்டாகத் தெரிந்தது: முன்னால் 100 எம்பி-யில் ஒன்று, அடுத்து 16 எம்பி-யில் ஒன்று, பெரிய C, கடைசியில் 500 எம்பி சொச்சம். சின்னவைகளுக்கு எழுத்தும் இல்லை, பெயரும் இல்லை. குப்பை என்று நினைத்து C-யை மட்டும் டிக் செய்தேன். ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு டிஸ்க்கையும் மாட்டியபடியே ஆன் செய்தேன், விண்டோஸ் வந்தது, C இருந்தது, E என்று இன்னொன்றும் இருந்தது. E-தான் பழசு என்று நானே முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சித்தப்பாவும் "முன்னைக்கு இப்ப பறக்குதுடா தம்பி" என்றார்.

மூன்றாம் நாள் பழசைக் கழற்றப் போனபோதுதான் கறுப்புத் திரையில் `Reboot and Select proper Boot device` வந்தது. அந்த 100 எம்பி குப்பையில்தான் விண்டோஸை எழுப்புகிற கோப்புகள் இருக்கின்றன. மதர்போர்டு முதலில் அதைத்தான் தேடும், அதற்குள் இருக்கும் குறிப்புதான் விண்டோஸ் எந்தத் துண்டில் இருக்கிறது என்று சொல்லும். என் எஸ்.எஸ்.டி-யில் அது இல்லவே இல்லை. இரண்டு நாளும் ஓடியது பழைய டிஸ்க்தான். விண்டோஸ் எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்தாலும் பெரும்பாலும் தன்னை C என்றே காட்டிக்கொள்ளும், அதனால் எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க `diskmgmt.msc` திறந்து பாருங்கள். `Boot` என்று போட்டிருக்கும் துண்டில்தான் இப்போது ஓடுகிற விண்டோஸ் இருக்கிறது. `EFI System Partition` என்று போட்டிருப்பதில் எழுப்புகிற கோப்புகள் இருக்கின்றன. ஆமாம், பெயர்கள் தலைகீழாகத்தான் இருக்கின்றன, என்னைத் திட்டாதீர்கள். இரண்டு சொல்லும் புது டிஸ்க்கின் வரிசையில் இருந்தால்தான் குளோன் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எடுத்த நகலையே சரிசெய்யலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த இரண்டு நாளில் கடையில் எடுத்த அளவுகள் எல்லாம் பழைய டிஸ்க்கில்தான் எழுதப்பட்டிருந்தன, நகலில் ஒன்றுகூட இல்லை. நீங்களும் குளோனுக்குப் பிறகு ஏதாவது வேலை செய்திருந்தால் முழு டிஸ்க்கையும் மறுபடி குளோன் எடுங்கள், எல்லாத் துண்டுகளும் டிக் ஆகியிருக்கட்டும். எது மூலம், எது இலக்கு என்பதைக் கொள்ளளவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், 500 ஜிபி டிஸ்க் இரண்டுமே 465 என்றுதான் காட்டும். மாடல் பெயரைப் பாருங்கள். திசை மாறினால் சித்தப்பா முகத்தில் முழிக்க முடியாது.

முடிந்ததும் ஷட்டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றி, அது இருந்த அதே சாட்டா கேபிளில் எஸ்.எஸ்.டி-யை மாட்டுங்கள். முதல் தடவை எழும்போது பழசு கிட்டவே இருக்கக் கூடாது. இரண்டும் இருந்தால் ஒரே அடையாள எண் உள்ள இரண்டு டிஸ்க்கைப் பார்த்து விண்டோஸ் ஒன்றை முடக்கி வைக்கலாம், அல்லது எழுத்துகளை மாற்றிக் குழப்பிக்கொள்ளலாம்.

எனக்கு இதற்குப் பிறகும் ஒரு நீலத்திரை வந்தது, `0xc000000e`. ஆனால் இது வேறு நோய். எழுப்புகிற கோப்பு கிடைத்துவிட்டது, அதிலுள்ள குறிப்பு பழைய டிஸ்க்கின் அடையாள எண்ணைத் தேடுகிறது, என் மென்பொருளோ நகலுக்குப் புது எண் கொடுத்திருந்தது. விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பி-யில் எழுப்பி, முதல் திரை வந்ததும் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் கறுப்புப் பெட்டி வரும்:

```
diskpart
list vol
select vol 2
assign letter=S
exit
dir D:\Windows
bcdboot D:\Windows /s S: /f UEFI
```

`list vol`-இல் FAT32 என்றும் 100 எம்பி என்றும் இருக்கிற வரிசையின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள், எனக்கு அது 2, உங்களுக்கு வேறாக இருக்கும். யுஎஸ்பி-யும் FAT32 ஆக இருக்கலாம், அளவைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கே விண்டோஸ் துண்டுக்கு D, E என்று எந்த எழுத்தும் வரலாம், அதற்காகத்தான் நடுவில் `dir`, கோப்புப் பட்டியல் வராவிட்டால் வருகிற எழுத்தைக் கண்டுபிடித்துக் கடைசி வரியிலும் அதையே போடுங்கள். கடைசி வரிக்கு `Boot files successfully created` என்று பதில் வந்தால் யுஎஸ்பி-யைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம்.

ரொம்பப் பழைய மெஷின் என்றால், ஓடுகிற பழைய விண்டோஸில் `msinfo32` போட்டு `BIOS Mode` பாருங்கள். `Legacy` என்று இருந்தால் நான் சொன்ன 100 எம்பி கதையும் மேலே உள்ள கட்டளையும் அப்படியே பொருந்தாது. லேப்டாப்பில் பிட்லாக்கர் இருந்தால் குளோனுக்கு முன் அதை நிறுத்திவைத்து, மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது இரண்டும் எனக்கு வரவில்லை, அதனால் இதற்கு மேல் அளக்கவில்லை.

இப்போது கடைக் கம்ப்யூட்டர் இருபது வினாடியில் எழுகிறது. பழைய டிஸ்க்கில் தேதி எழுதி ஒட்டி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். எல்லாம் முடித்துவிட்டு, "இப்ப வேகம் எப்படி இருக்கு சித்தப்பா?" என்று கேட்டேன். கோப்பியை உறிஞ்சிக்கொண்டே, "முந்தாநாளும் இப்படித்தானேடா இருந்துச்சு" என்றார்.