நள்ளிரவில் வெந்நீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எட்டு மாதக் குழந்தையோடு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போகிறோம். பால் மாவு கரைக்க வெந்நீர் வேண்டும். சிறிய மின்கெண்டி வாங்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

வாங்காதீர்கள். ரயில் பெட்டியில் மின்கெண்டி பயன்படுத்தத் தடை இருக்கிறது. அங்குள்ள சாக்கெட் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் மட்டுமே. கெண்டியைச் செருகினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். நல்ல பிளாஸ்க் ஒன்று போதும்.

பார்க்கிற பிளாஸ்க் எல்லாவற்றிலும் ‘24 மணி நேரம் சூடு’ என்று போட்டிருக்கிறது. எதை நம்பி வாங்குவது?
– வாசகர், கோவில்பட்டி

அந்த வாசகத்தின் மீது எனக்குப் பல ஆண்டுக் கோபம். சூடு என்றால் எவ்வளவு சூடு? 45 டிகிரி நீரும் கைக்குச் சூடாகத்தான் இருக்கும். ஆனால் கைக்குழந்தையின் பால் மாவைக் கரைக்கும் நீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாவிலேயே கிருமி இருக்கக்கூடும். அதைக் கொல்வது அந்தச் சூடுதான். ஆகவே மணிக்கணக்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ‘ஆறு மணி நேரத்துக்குப் பின் இத்தனை டிகிரி’ என்ற வரி பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதை அச்சிடுகிற நிறுவனம் ஒரு கணக்குக்குக் கட்டுப்படுகிறது. வெறும் ‘24 மணி’ எதற்கும் கட்டுப்படுவதில்லை.

பிளாஸ்க்கின் உயிர் அதன் இரண்டு எஃகுச் சுவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம். காற்றே இல்லாததால் சூடு வெளிச்சுவருக்குக் கடக்க வழி குறைவு. ‘இரட்டைச் சுவர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நடுவே காற்றோ நுரையோ இருக்கலாம். நான் அப்படித்தான் ஏமாந்தேன். அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போனபோது ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் அவசரமாக ஒன்று வாங்கினேன். மாத்திரைக்கு வெந்நீர் கேட்ட அம்மாவுக்கு விஜயவாடா தாண்டியதும் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். வாயில் வைத்துவிட்டு, ‘இது குளிக்கிற தண்ணீர் மாதிரி இருக்கிறதே’ என்றார். ஊருக்குத் திரும்பி அடிப்பகுதியை அறுத்துப் பார்த்தேன். மஞ்சள் நிற நுரை உதிர்ந்து விழுந்தது.

கடையில் கொஞ்சம் கொதிநீர் கேட்டு ஊற்றி, மூடி, பத்து நிமிடம் கழித்து உடம்பைத் தடவுங்கள். கழுத்தருகே இளஞ்சூடு இருந்தால் கவலையில்லை. நடுவிலோ அடியிலோ சூடு தெரிந்தால் வெற்றிடம் இல்லை அல்லது போய்விட்டது. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். அதன் கீழே CM/L என்று தொடங்கும் எண் இருக்கும். அதை BIS Care செயலியில் போட்டால் உரிமம் யாருக்குத் தரப்பட்டது என்று தெரியும்.

பயணத்துக்கு முன் வீட்டிலும் ஒரு முறை சோதியுங்கள். குழந்தைக்கு இரவு 2 மணிக்குப் பால் வேண்டும், வீட்டிலிருந்து கிளம்புவது 7.30க்கு என்றால் நடுவே ஆறரை மணி நேரம். முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள், உள்சுவர் சூடேறும். பிறகு புதிதாகக் கொதித்த நீரை மூடி போடுவதற்கு மட்டும் இடம் விட்டு நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். ஆறரை மணி நேரம் கழித்துச் சமையல் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். 70க்கு மேல் காட்டினால் அந்தப் பிளாஸ்க்கை நம்பலாம். அதே பிளாஸ்க்கை நடுவில் நான்கு முறை திறந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். பெரியவர்கள் குடிக்கும் வெந்நீருக்கு வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் 899 ரூபாய்க்கு வாங்கிய பிளாஸ்க்கில் மூன்று மணி நேரத்தில் நீர் ஆறிவிடுகிறது. ‘பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார் விற்பனையாளர். பணம் போனதுதானா?
– வாசகி, திண்டுக்கல்

போகவில்லை அம்மா. ஊற்றிப் பார்க்காமல் பிளாஸ்க் ஆறுகிறதா என்று யாரால் அறிய முடியும்? 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலோ விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஊற்றிய நேரமும் வெப்பமானி காட்டும் அளவும் தெரிய ஒரு காணொளி எடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் இன்றே படமாகச் சேமியுங்கள். நாளை அந்த வரியை மாற்றிவிடலாம். இரண்டையும் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவுசெய்யுங்கள். 899 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

பாலை நன்றாகக் காய்ச்சிச் சூடாகப் பிளாஸ்க்கில் ஊற்றிப் பெங்களூரு பஸ்ஸில் கொண்டு போனோம். விடியற்காலையில் திரிந்திருந்தது. விலை உயர்ந்த பிளாஸ்க், ஆனால் மோசம்.
– வாசகர், நாகர்கோவில்

பிளாஸ்க் மோசமில்லை. விலையைப் பார்த்தீர்கள், கூடவே வந்த தாளைப் பார்க்கவில்லை. பால் ஊற்றி வைக்காதீர்கள் என்று பெரும்பாலும் அதில் அச்சிட்டிருக்கும். பாலின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கிருமிகள் பெருகத் தொடங்கும். பிளாஸ்க் அந்த இதமான சூட்டை விடிய விடியக் காப்பாற்றிக் கொடுக்கும். திரிந்தது தெரிந்ததால் குழந்தை தப்பித்தது. திரியாமலே கெட்டிருந்தால்?

ஒரு வயதுக்குள் என்றால் வெந்நீர் தனியாக, அளந்த மாவு உலர்ந்த டப்பாவில் தனியாக. கரைத்ததும் புட்டியைக் குளிர்ந்த நீருள்ள குவளையில் நிறுத்தி ஆறவிட்டு, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள். மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு, குளிர்பதனம் தேவைப்படாத சிறிய அட்டைப்பெட்டிப் பால் போதும். ஆனால் திறந்ததை அப்போதே முடித்துவிட வேண்டும்.

குழந்தைக்கு உறிஞ்சுகுழல் வைத்த பிளாஸ்க் வாங்கினேன். அதில் சூடான பால் கொடுக்கலாமா?
– வாசகி, தேனி

கூடாது. குழல் குளிர்ந்த பானத்துக்கு மட்டும். சூடானதை உறிஞ்சினால் நாக்கும் தொண்டையும் வெந்துவிடும்.

ஓடும் பஸ்ஸில் வெந்நீர் ஊற்ற எந்த மாதிரி மூடி நல்லது?
– வாசகர், கரூர்

எந்த மூடியும் வேண்டாம். பஸ் நிற்கும்போது ஊற்றுங்கள்.

மாமியாருக்கு 74 வயது, விரல்களில் மூட்டுவலி. ஒரு லிட்டர் பிளாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். ரயிலில் அவரால் திறக்கவே முடியவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

நிரப்பிய ஒரு லிட்டர் பிளாஸ்க் ஒன்றரைக் கிலோ வரை கனக்கும். வெந்நீர் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அரை லிட்டரில் இரண்டு வாங்குங்கள். திருகிக் கழற்றாமல் பொத்தானை அழுத்தி ஊற்றும் மூடியாக இருக்கட்டும். ஆனால் அவரையே கடைக்கு அழைத்துப் போய்க் கையில் கொடுத்துப் பாருங்கள். உங்கள் விரலுக்கு எளிதான பொத்தான் அவர் விரலுக்குக் கடினமாக இருக்கலாம்.

அப்பாவின் இன்சுலினை ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்க்கில் வைத்துத் தில்லி வரை கொண்டு போகலாமா?
– வாசகர், சேலம்

ஐஸில் பட்டு இன்சுலின் உறைந்தால் வீணாகிவிடும். உருகிய பின்னும் ஊசி போடக் கூடாது. பயன்பாட்டில் உள்ள பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும். அப்பாவுடைய மருந்தின் தாளில் உள்ள நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் துணி உறைகள் கிடைக்கின்றன. ஈரம் ஆவியாகும்போது குளிர்வதுதான் அதன் வேலை. அதனால் சூட்கேஸுக்குள் பூட்டி வைத்தால் பயனில்லை. காற்றுப் படும்படி இருக்கையருகே கொக்கியில் மாட்டுங்கள்.