லாபம் தந்த டிசைன் பனியன் திடீரென நஷ்டம் காட்டுவது ஏன்?

"எந்த வேலை செலவைக் கூட்டுகிறதோ அதை வைத்துச் செலவைப் பிரிக்கும் செயல்வழிச் செலவுக் கணக்குக்கு மாறியதும், பீஸுக்கு 40 ரூபாய் லாபம் தந்த டிசைன் பனியன் நஷ்டம் காட்டுகிறது. நிறுத்திவிடலாமா?"

அவசரப்படாதீர்கள். உதாரணத்துக்கு, பிரிண்டிங் மெஷினை செட் செய்ய மாதம் 1,00,000 ரூபாய் செலவு என்போம். சாதா பனியன் 9,000, டிசைன் 1,000. பீஸ் கணக்கில் பிரித்தால் எல்லாவற்றுக்கும் தலா 10 ரூபாய். ஆனால் இந்தச் செலவைக் கூட்டுவது பீஸ் அல்ல, எத்தனை தடவை செட் செய்கிறோம் என்பதுதான். சாதாவுக்கு 2 தடவை, சின்னச் சின்ன ஆர்டராக வரும் டிசைனுக்கு 8 தடவை என்றால், டிசைன் தலையில் 80,000, அதாவது பீஸுக்கு 80 ரூபாய். ஏற்கெனவே கழித்த 10 போக இன்னும் 70 ரூபாய் கூடுவதால், 40 ரூபாய் லாபம் 30 ரூபாய் நஷ்டமாகிவிடும்.

நிறுத்தினாலும் மெக்கானிக் சம்பளம் அப்படியேதான் போகும்; அந்த 80,000 உடனே மிச்சமாகாது. முதலில் ஆர்டருக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை வையுங்கள், அல்லது செட்டிங் கட்டணம் தனியாகக் கேளுங்கள்.