லவ்வர்ஸ் கார்டு வந்தால் காதல் வரும் என்றுதான் அர்த்தமா?

"வேலை மாறலாமா என்று கேட்டு டாரோ பார்த்தேன். லவ்வர்ஸ் கார்டு வந்தது. புது ஆபீஸில் காதல் அமையும் என்கிறார்கள். அப்படித்தானா?"

இல்லை. வேலையைப் பற்றிக் கேட்ட இடத்தில் இந்தக் கார்டு வந்தால், நீங்கள் மதிக்கும் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று படிக்க வேண்டும். பெயரை மட்டும் பார்த்துப் பலன் சொல்லும் ஒரு நிமிட வீடியோக்கள் பெருகிவிட்டதால், கார்டில் என்ன வரைந்திருக்கிறது என்று பார்க்கவே ஆளில்லை.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ரைடர்-வெய்ட் டெக்காக இருக்கும். 1909இல் லண்டனில் வெளியானது, படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. ஆறாம் எண் கார்டை எடுத்து வைத்துப் பாருங்கள். பெண்ணின் பின்னால் பழ மரம், அதில் சுற்றிய பாம்பு. ஆணின் பின்னால் தீச்சுடர்கள் எரியும் மரம். மேலே தேவதூதர். ஆண் பெண்ணைப் பார்க்கிறான். பெண்ணோ மேலே பார்க்கிறாள். இருவரும் கை கோக்கவில்லை. இது ஏதேன் தோட்டம்: எதைத் தேர்ந்தாலும் விலை உண்டு என்ற கதை நடக்கும் இடம். பிரான்சின் பழைய மார்செய் டெக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். இரண்டு பெண்களுக்கு நடுவே ஓர் இளைஞன், தலைக்கு மேல் அம்பைக் குறிவைத்த மன்மதன்.

உடனே ஒருவர் வந்து, 15ஆம் நூற்றாண்டு மிலான் கார்டில் கைகோத்த ஜோடிதானே இருக்கிறது, ரைடர்-வெய்ட் டெக்கை உருவாக்கிய வெய்ட்டே, மார்செய் படத்துக்குச் சொல்லப்படும் 'அறமா தீமையா' என்ற விளக்கத்தை மட்டம் தட்டினாரே என்பார். இரண்டும் உண்மை. நான் சொல்வது நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவிலான தேர்வை அல்ல. இரண்டு நல்லவற்றுக்கு நடுவில் எது முதலில் என்பதை. காதல் என்று வெய்ட் எழுதிய பலனையும் நான் மறுக்கவில்லை, கேள்வி உறவைப் பற்றியதாக இருந்து, பக்கத்தில் ஆணும் பெண்ணும் கோப்பையோடு எதிரெதிரே நிற்கும் டூ ஆஃப் கப்ஸ் போன்ற கார்டும் விழுந்தால் அப்படியே படிக்கலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். லவ்வர்ஸை நடுவில் வையுங்கள். ஒரு தாளில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு மதிப்புகளை எழுதுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். 'கோவையிலேயே இருப்பது', 'பெங்களூர் போவது' என்று எழுதிவிடுகிறார்கள். அவை வழிகள். அந்த வழியில் போனால் எதைக் காப்பாற்றுகிறீர்கள் என்பதுதான் மதிப்பு. இன்னொன்று, ஒரு பக்கம் 'பெற்றோர் பாசம்' என்றும் மறுபக்கம் 'பண ஆசை' என்றும் எழுதினால் முடிவை முன்பே எடுத்துவிட்டீர்கள். இரண்டையும் வெட்கப்படாமல் வெளியே சொல்லக்கூடிய சொற்களில் எழுதுங்கள்: 'பெற்றோருக்குப் பக்கத்தில் இருப்பது', 'நல்ல சம்பளம்'.

இப்போது டெக்கைக் கலைத்து, பக்கத்துக்கு ஒரு கார்டு மட்டும் எடுங்கள். 'இந்த மதிப்புக்கு அடியில் உண்மையில் என்ன இருக்கிறது?' என்பதே கேள்வி.

இடப்பக்கம் ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸ் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் ஒரு காசை நெஞ்சோடு அணைத்து, இரண்டைக் காலடியில் மிதித்து, ஒன்றைத் தலையில் சுமந்து உட்கார்ந்திருக்கிறான். எழுந்தால் காசு உருண்டுவிடும். பெற்றோருக்காக என்று எழுதிய இடத்தில், கையில் இருப்பது போய்விடுமோ என்ற பயமும் கலந்திருக்கிறதா என்று அது கேட்கிறது. வலப்பக்கம் எய்ட் ஆஃப் பென்டக்கிள்ஸ் என்றால், ஊருக்கு வெளியே பட்டறையில் தனியாக உட்கார்ந்து ஒருவன் காசைச் செதுக்குகிறான். அவன் கவனமெல்லாம் வேலையில். அப்படியானால் உங்களை இழுப்பது சம்பளமா, தொழிலைக் கற்றுத் தேறும் ஆசையா? 'குடும்பமா பணமா' என்று தொடங்கிய கேள்வி 'பாதுகாப்பா தொழில் தேர்ச்சியா' என்று மாறிவிட்டது. பெற்றோரைக் கவனிப்பதற்கு வேறு ஏற்பாடு உண்டா என்பதைத் தனியாக, வீட்டில் பேசித் தீர்க்கலாம். அதற்குக் கார்டு வேண்டாம்.

எந்தப் பக்கம் போக வேண்டும் என்று இந்தக் கார்டு சொல்லாது. சொல்லும் என்று நினைப்பவர்கள்தான் பிடித்த கார்டு வரும்வரை திரும்பத் திரும்ப எடுப்பார்கள். மூன்றாவது முறை எடுக்கும்போது, பிடித்த பக்கம் எது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், அதைக் குறித்துக்கொண்டு டெக்கை மூடிவிடுங்கள்.

லவ்வர்ஸ் தலைகீழாக வந்திருந்தால் கேள்வி சற்று மாறும். 'மேனேஜர் விட்டால் போவேன்', 'அம்மா சொன்னால் இருப்பேன்' என்று தேர்வை யார் கையிலாவது கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் பக்கத்துக் கார்டுகளை எடுப்பதற்கு முன் அந்த ஆளின் பெயரைத் தாளின் மேலே எழுதிக்கொள்ளுங்கள்.