எச்சிலுக்கு ஆங்கிலம் இல்லை

வணக்கம் ஐயா. டொராண்டோவில் வார இறுதிச் சமய வகுப்பு ஒன்று நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு 9 முதல் 12 வயது. தமிழ் கேட்டால் ஓரளவு விளங்கும், வாசிக்க வராது. அவர்களுக்காகக் கண்ணப்ப நாயனார் கதையை ஆங்கிலத்தில் சிறு நூலாக எழுதுகிறேன். தமிழிலேயே விட வேண்டிய சொற்கள் என்று 32 சொற்களைக் குறித்து வைத்தேன். என்னோடு படிப்பிக்கிற ஒருவர் எல்லாவற்றையும் அப்படியே வைக்கச் சொல்கிறார். இன்னொருவர், "பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடும், எல்லாவற்றையும் மொழிபெயர்" என்கிறார். எதை விடுவது, எதை விளக்குவது? லிங்கம் என்ற சொல்லை என்ன செய்வது? கடைசியில் சொற்பட்டியல் ஒன்று போட்டால் போதாதா?

வாசகி, டொராண்டோ

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். ஆகமம், நிர்மாலியம், திருமஞ்சனம், பள்ளித்தாமம், வில்வம், லிங்கம் எல்லாம் இருக்கின்றன. 'எச்சில்' இல்லை. அது சமயச் சொல்லாகத் தோன்றவில்லை போலும். எனக்கென்னவோ இந்தக் கதையில் கட்டாயம் தமிழிலேயே நிற்க வேண்டிய முதல் சொல் அதுதான்.

கதையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேடன் திண்ணன், பின்னாளில் கண்ணப்பராகிறவன், பன்றி இறைச்சியைத் தீயில் வாட்டி, பல்லால் கடித்துச் சுவை பார்த்து, நன்றாக இருப்பதை மட்டும் இலைக்கல்லையில் எடுத்து வைக்கிறான். இரண்டு கையும் நிறைந்துவிட்டதால் பொன்முகலி ஆற்றுத் தண்ணீரை வாயில் நிறைத்துக்கொள்கிறான், பூவைத் தலைமயிரில் செருகிக்கொள்கிறான். மலை ஏறி, வாய்த் தண்ணீரைச் சாமியின் தலையில் உமிழ்கிறான். அடுத்த நாள் வந்து பார்த்த, அங்கே தினமும் பூசை செய்கிற சிவகோசரியார் பதைத்துப் போகிறார். அவர் ஏன் பதைக்கிறார் என்பது பிள்ளைக்குப் புரியாவிட்டால் கதையே இல்லை.

ஆங்கிலத்தில் 'ஸ்பிட்' என்று எழுதினால் டொராண்டோப் பிள்ளை என்ன நினைக்கும்? "யக்!" என்று சிரிக்கும், அல்லது கிருமி என்று நினைக்கும். கொரோனாக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் வேறு. சிவகோசரியாருக்குக் கிருமியைப் பற்றிய கவலை எதுவும் கிடையாது. வாய் பட்டது இன்னொருவருக்குக் கொடுக்கத் தகாதது, சாமிக்கோ அறவே தகாதது என்பதுதான் எச்சில். கழுவினால் சுத்தமாகிற அழுக்கு வேறு, இது வேறு. இந்த வேறுபாட்டுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை. ஆனால் உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. அப்பம்மா செம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பதைப் பார்த்திருப்பார்கள். பொங்கலன்று "படைக்க முதல் வாயில வைக்காதே" என்று அதட்டு வாங்கியிருப்பார்கள். விஷயம் தெரியும். அதற்குரிய சொல்லைத்தான் நீங்கள் கொடுக்க வேண்டும்.

அதை அடைப்புக்குறிக்குள் விளக்க வேண்டாம். திண்ணன் மலை ஏறுவதற்கு இரண்டு பக்கம் முன்னால், சிவகோசரியார் காலையில் பூசைக்குக் கிளம்புகிற காட்சி ஒன்றை வையுங்கள். அமுதை ருசி பார்க்காமலே எடுத்து வைக்கிறார். ஏனென்றால் நாக்கில் பட்டால் அது எச்சில். அங்கே சொல் ஒரு முறை வந்துவிட்டது, அர்த்தத்தையும் செயலே காட்டிவிட்டது. அடுத்து, திண்ணன் இறைச்சியைக் கடிக்கும்போது நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது. பிள்ளை தானாகச் சொல்லட்டும். "ஐயோ, எச்சில்!" என்று ஒரு பிள்ளையாவது கத்தினால் உங்கள் எழுத்து பலித்துவிட்டது. மூன்றாம் முறை, ஆண்டவன் சிவகோசரியாரின் கனவில் வந்து பேசும் இடத்தில் அது முழுப் பாரத்தையும் தாங்கும். சேக்கிழார் அங்கே கங்கை முதலான தீர்த்தங்களைவிட 'எனக்கவன்தன் வாயுமிழும் புனல்புனிதம்' என்கிறார். உமிழ்வது என்ற சொல்லை அவர் மழுப்பவில்லை. முன்னாலும், தண்ணீரை விடுகிற இடத்தில், 'விளைத்த அன்பு உமிழ்வார் போல' என்றுதான் பாடுகிறார். எச்சில் எது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் புனிதம் என்ற சொல் அங்கே தூக்கிவாரிப் போடும்.

இதையே ஒட்டி ஒன்று. இறைச்சியை 'உணவு' என்று மாற்ற வேண்டும் என்று யாராவது வகுப்பில் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

அடுத்தது 'நாயனார்'. இதை எல்லோரும் 'சைவ செயிண்ட்' என்று போடுகிறார்கள், நானும் போட்டிருக்கிறேன். இந்தக் கதையில் அது ஒரு நல்ல விஷயத்தைக் கெடுத்துவிடுகிறது. இறைச்சியை முன்னே வைத்துவிட்டுத் திண்ணன் சொல்வது: 'அழகிது நாயனீரே அமுதுசெய்தருளும்.' நன்றாக இருக்கிறது தலைவரே, சாப்பிடுங்கள் என்கிறான். நாயன் என்றால் தலைவன். காட்டு வேடன் கடவுளை அழைத்த அதே சொல்லால் பிற்பாடு உலகம் அவனையே அழைக்கிறது. தமிழில் வைத்தால் இந்தத் திருப்பம் சும்மா கிடைக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: திண்ணன் பேசுகிற அந்த இடத்திலும் 'நாயனீரே' தமிழிலேயே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து மற்றதை மாற்றினால் வைத்ததில் பயன் இல்லை.

இதற்கு நேர்மாறானது 'அன்பு'. உங்கள் பட்டியலில் அதற்கு நேரே 'டிவோஷன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கனவில் ஆண்டவன் 'அவனுடைய வடிவெல்லாம் நம்பக்கல் அன்பு' என்கிறார். அம்மாவிடமும் நாய்க்குட்டியிடமும் காட்டுகிற அதே வீட்டுச்சொல். மூலத்தில் வீட்டுச்சொல்லாக இருப்பது ஆங்கிலத்திலும் வீட்டுச்சொல்லாகவே வரட்டும். 'லவ்' என்று எழுதுங்கள். அதைத் தமிழில் வைத்தாலும் தவறுதான். பிள்ளை அதை ஏதோ மந்திரச்சொல் என்று எண்ணிவிடும்.

பட்டியலில் கிட்டத்தட்ட இருபது சொற்கள் பூசைக் காரியங்கள். அவற்றுக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளியது: இந்தப் பிள்ளை இந்தச் சொல்லை வீட்டிலோ கோயிலிலோ காதால் கேட்டிருக்கிறதா? திருமஞ்சனம் கேட்டிருக்காது, அபிஷேகம் கேட்டிருக்கும். ஆகவே அபிஷேகம். பள்ளித்தாமம் வெறும் பூவாகவே இருக்கட்டும். நிர்மாலியம் 'நேற்றைய பூ'. திண்ணன் செருப்புக் காலால் அதைத்தான் தள்ளுகிறான், அந்தக் காட்சிக்கு அது போதும். ஆகமம் என்ற சொல்லே வேண்டாம், 'எப்படிப் பூசை செய்வது என்று சொல்லும் பழைய நூல்கள்' என்று ஒரு தடவை சொன்னால் முடிந்தது.

கேட்டிருக்கிற சொல்லை மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். முன்பு ஒரு சிறுவர் கதையில் திருநீற்றை 'ஹோலி ஆஷ்' என்று எழுதினேன். லண்டனில் இருக்கும் என் தம்பி மகளுக்கு அப்போது பத்து வயது. தினமும் நெற்றியில் பூசிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள். கதையைப் படித்துவிட்டு, "பெரியப்பா, இவங்களும் ஆஷ் வெட்னஸ்டே கும்பிடுவாங்களா?" என்று கேட்டாள். கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். தன் நெற்றியில் இருப்பதுதான் கதையில் வருகிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் அந்த நாளைத் திருநீற்றுப் புதன் என்கிறார்கள். அவர்கள் தமிழ்ச் சொல்லை எடுத்துத் தங்களுக்கு ஆக்கிக்கொண்டார்கள், நான் கையில் இருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஆங்கிலச் சமயச் சொற்கள் பெரும்பாலும் ஏற்கெனவே குடியிருப்பவர் உள்ள வீடுகள். ஜி.யு. போப் 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தபோது அருளுக்குக் 'கிரேஸ்' என்று போட்டார். இன்றும் அந்தச் சொல்லோடு தேவாலய மணியும் கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறது.

லிங்கம் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கோயிலில் பார்ப்பதுதானே. குறி, அடையாளம் என்று பொருள் சொன்னால் போதும். பெரிய பிள்ளைகள் இணையத்தில் தேடி வேறு விளக்கங்களோடு வருவார்கள். அதற்கு உங்களிடம் பதட்டமில்லாத பதில் ஒன்று இருக்க வேண்டும், புத்தகத்தில் இருக்க வேண்டியதில்லை. திண்ணன் கண்ணால் கதையைச் சொல்கிற இடங்களில் 'குடுமித்தேவர்' என்பதே பொருத்தம். கூட வந்த தோழன் நாணன் அவனிடம் சொல்கிற பெயர் அது. குடுமி என்றால் மலை உச்சி. உங்கள் பிள்ளைகளுக்குக் குடுமி என்றால் தலைமுடிக் கட்டு மட்டும்தான் தெரியும், ஆகவே மலை உச்சியை முதலில் சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓவியம் வரைகிற பிள்ளை சாமிக்குக் கொண்டை போட்டுவிடும்.

பெயர் என்றதும் நினைவு வருகிறது. 'திண்ணன்' என்பதை வழக்கமான ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதல் நான்கு எழுத்தை அங்கே வளரும் பிள்ளை எப்படிப் படிக்கும்? 'தின்', அதாவது ஒல்லி. சேக்கிழார் சொல்வதோ, குழந்தையைக் கையில் தூக்க முடியாமல் கனத்தது, அதனால் திண்ணன் என்று பெயர் வைத்தார்கள் என்று. உலகத்திலேயே பொருந்தாத படிப்பு! முதல் பக்கத்திலேயே தகப்பன் நாகன் பிள்ளையைத் தூக்க முயன்று மூச்சு வாங்குகிற காட்சியைப் போட்டுவிடுங்கள். பெயரின் பொருளும் வந்துவிடும், உச்சரிப்பை நீங்கள் வாய்விட்டுச் சொல்லித் தரவும் ஒரு சாக்கு கிடைக்கும்.

ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் முழுதாகத் தமிழில் விடுங்கள். ரத்தம் வழிந்த சாமியின் கண்ணில் திண்ணன் தன் ஒரு கண்ணைத் தோண்டி அப்பியாகிவிட்டது, இப்போது சாமியின் இரண்டாவது கண்ணிலிருந்து ரத்தம். இடம் தெரிய வேண்டுமே என்று காலைச் சாமியின் கண்ணில் ஊன்றி, அம்பை எடுக்கிறான். அப்போது குரல்: 'கண்ணப்ப நிற்க.' மூன்று முறை. அங்கே 'ஸ்டாப்' என்று எழுதினால் சாலையோரப் பலகை ஞாபகம்தான் வரும். நிற்க என்ற சொல் அந்தப் பிள்ளைகளுக்கு நில், நில்லு என்று காதில் விழுந்ததுதான். வகுப்பில் ஒரு பிள்ளை அம்பை ஓங்க, மற்றவர்கள் எல்லோரும் மூன்று முறை சொல்லட்டும்.

ஆக 32-இல் எனக்குத் தேறியவை திண்ணன், குடுமித்தேவர், நாயனார், லிங்கம், அபிஷேகம், திருநீறு. ஏழாவதாக, நீங்கள் எழுதாத எச்சில். சொற்பட்டியலைக் கடைசியில் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். அதைப் பெற்றோருக்கென்று எழுதுங்கள். எச்சிலுக்கு நேரே விளக்கம் வேண்டாம். "செம்பில் அண்ணாந்து தண்ணீர் குடித்துக் காட்டவும்" என்று போடுங்கள்.