'கொஞ்ச நேரம்' என்று ஸ்க்ரைப் கேட்காதீர்கள்

"பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வெழுத, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித்தரும் ஸ்க்ரைப் ஏற்பாடு செய்கிறோம். 'கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், ஒரு வாழ்க்கையை மாற்றுங்கள், சான்றிதழ் உண்டு' என்று வாட்ஸ்அப்பில் போட்டால் நிறைய பேர் பெயர் கொடுக்கிறார்கள். முதல் நாள் ராத்திரி பாதிப் பேர் வரவில்லை என்கிறார்கள். எப்படி எழுதுவது?" – திருவல்லிக்கேணி வாசகி

அந்தக் 'கொஞ்ச நேரம்'தான் பிரச்சினை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்வு மூன்று மணி நேரம், மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி ஸ்க்ரைப் வைத்து எழுதுபவருக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தரவேண்டும், ஆக நான்கு மணி நேரம். காலை 10 மணித் தேர்வு 2 மணிக்குத்தான் முடியும். அனுமதிக் கடிதம், அடையாள அட்டை எல்லாம் சரிபார்க்க ஒன்பதேகாலுக்கே மாநிலக் கல்லூரி வாசலில் நிற்கவேண்டுமென்றால், தாம்பரத்துக்காரர் ஏழரைக்கெல்லாம் கிளம்பணும். அதுவும் வேலை நாளில். லீவு போடாமல் முடியாது என்பது அவருக்கு முதல் நாள் ராத்திரிதான் உறைக்கிறது, அதற்குள் மாணவருக்கு வேறு ஆள் தேட நேரமே இல்லை.

அடுத்தது படிப்பு. மாணவர் தானே ஸ்க்ரைப் அழைத்துவந்தால், அந்த ஸ்க்ரைப்பின் படிப்பு தேர்வரைவிட ஒரு படி குறைவாக இருக்கணும் என்றது அதே 2018 வழிகாட்டுதல். பி.ஏ. தேர்வுக்கு ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஆசையோடு வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் கல்லூரி எதை ஏற்கும் என்று தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே அறிவிப்பைப் போடுங்கள். பட்டதாரிகளை இழக்கவேண்டாம், பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து தரும் வேலைக்குத் தனியாக, ஞாயிற்றுக்கிழமை நேரம் போட்டுக் கேளுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பி.ஏ. வரலாறு தேர்வுக்கு ஸ்க்ரைப் தேவை. வார நாள், காலை 9.15 முதல் 2 மணி வரை, தேதி கீழே. பிளஸ் டூ வரை மட்டும் படித்தவராக, தமிழ் தெளிவாகவும் வேகமாகவும் எழுதுபவராக இருக்கவேண்டும். வேலை இதுதான்: மாணவர் கேட்டபோதெல்லாம் கேள்வியை வாசித்துக் காட்டணும், மாணவர் சொல்வதை அப்படியே எழுதணும். விடை தெரிந்தாலும் சொல்லக்கூடாது. சம்பளம் கிடையாது. பஸ், ரயில் கட்டணம் அன்றே தருவோம். வந்த தேதியும் நேரமும் போட்ட கடிதம் கிடைக்கும், அதற்கு மேல் எதுவும் இல்லை. வரமுடியாவிட்டால் மூன்று நாள் முன்னால் சொல்லுங்கள்."

கட்டணம் தர உங்களிடம் பணம் இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு 'பயணச் செலவு உங்களுடையது' என்றே போடுங்கள். பெயர் கொடுப்பவர்கள் கண்டிப்பாகக் குறைவார்கள், பரவாயில்லை. வருகிறவர்களை அதே மாணவரோடு தேர்வுக்கு முந்தைய ஞாயிறு அரை மணி நேரம் உட்காரவைத்து ஒரு பழைய வினாத்தாளை எழுதவிடுங்கள். மாணவர் ஒரே வரியை மூன்று தடவை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தால், அந்த ஜோடியை அன்றைக்கே மாற்றிவிடலாம்.