வெல்கம் லெட்டர்ல முதல்ல வரவேண்டியது

"காரைக்குடில ஆன்லைன் டேலி சர்டிபிகேட் கோர்ஸ், எல்லாரும் நாப்பது தாண்டினவங்க. ரெண்டு பக்கத்துக்கு வெல்கம் லெட்டர் அனுப்பியும் முதல் நாள் பாதிப் பேர் வரல, என்ன மாத்தணும்?"

முதல் நாலு வரிக்குள்ள தேதி, கிழமை, நேரம், லிங்க் வந்துடணுங்க, சிலபஸ் எல்லாம் கீழ போகட்டும், ஏன்னா இவங்க வாட்ஸ்அப்ல தான் படிப்பாங்க, "Read more"க்கு கீழ இருக்கிறது பலர் கண்ணுலயே படாது. வெறும் 7 மணின்னு போடாம சாயங்காலம் 7 மணின்னு போடுங்க.

நான் தேவகோட்டைல ஒரு பேட்ச் பாத்துக்கிட்டப்ப ஒரு ஆச்சி மூணு கிளாஸும் வந்திருக்காங்க, ஆனா ஜூம்ல அவங்க பேர் "Galaxy A12"ன்னே இருந்ததால ரிப்போர்ட்ட பாத்து ஆப்சென்ட் போட்டுட்டோம், அழுதே போயிட்டாங்க, எனக்கு இன்னும் மனசு கேக்கல. அதனால லெட்டர்ல ஒரே ஒரு வேலை குடுங்க: "சர்டிபிகேட்ல வரவேண்டிய பேரை ஆதார்ல இருக்கிற மாதிரியே இனிஷியலோட டைப் பண்ணி ரிப்ளை போடுங்க, ஜூம்லயும் அதே பேர் வைங்க."

ரிப்ளை வந்தா படிச்சிட்டாங்கன்னு அர்த்தம். ரெண்டு நாள்ல வராதவங்களுக்கு மட்டும் போன் போடுங்க. முந்தின நாள் சாயங்காலம் அதே லிங்க்ல அரை மணி நேரம் டெஸ்ட் வச்சா மைக், பேர் ரெண்டையும் அங்கயே சரி பண்ணிடலாம், அந்த நேரத்தையும் லெட்டர்லயே போட்டுடுங்க.