பத்து மாங்காயா, பத்து மாங்காய்களா?

"தாத்தா, 'மரத்தில் பத்து மாங்காய் தொங்குகின்றன' என்று எழுதினேன். 'மாங்காய்கள்' என்றுதான் வர வேண்டும் என்கிறார்கள். நான் எழுதியது பிழையா?"

அன்புள்ள பேரனுக்கு,

பிழை இல்லை கண்ணா. அப்படியே வைத்துக்கொள்.

அஃறிணைப் பெயர் 'கள்' சேராமல் நின்றால் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக இருக்கும். இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் சொல்கிறது. எண்ணிக்கையைக் காட்டுவது வினைமுற்று. 'மாங்காய் விழுந்தது' என்றால் ஒன்று. 'மாங்காய் விழுந்தன' என்றால் பல. பெயர் மாறவே இல்லை, பார். உன் வாக்கியத்தில் 'பத்து' என்ற சொல்லும் 'தொங்குகின்றன' என்ற பன்மை முற்றும் இருக்கின்றன. 'மாங்காய்கள்' என்று எழுதினாலும் சரியே, ஆனால் கட்டாயம் இல்லை.

தவறு நேரும் இடம் வேறு. 'பத்து மாங்காய்கள் தொங்குகிறது' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பெயர் பன்மை, வினை ஒருமை, இரண்டும் ஒட்டாது. பேச்சில் 'பத்து மாங்காய் தொங்குது' என்போம். அது பேச்சு வழக்கு. எழுத்தில் 'தொங்குகின்றன' என்றே எழுது. 'ஒவ்வொரு' வந்தால் மட்டும் ஒருமைக்குத் திரும்பு: 'ஒவ்வொரு மாங்காயும் விழுந்தது.'

இந்தச் சலுகை உயர்திணைக்குக் கிடையாது. 'பத்து மாணவன் வந்தார்கள்' பிழை. 'பத்து மாணவர்கள் வந்தார்கள்' என்பதே சரி.

மாங்காய் பழுத்தபின் எழுதினால் 'பத்துப் பழம்' என்று 'ப்' போடு. 'பத்து' என்பதன் பின் வல்லினம் மிகும். 'மா' மெல்லினம் என்பதால் இப்போது அது தேவைப்படவில்லை.

அன்புடன்,
தாத்தா